ஒரே வெயிட்டேஜ், இரண்டு முடிவு: மார்க் ஷீட் போட்டு லிஃப்ட் தேர்வு செய்வது எப்படி?

கேள்வி: எங்கள் அப்பார்ட்மென்டில் 32 வீடு, ஸ்டில்ட் பிளஸ் 5 மாடி. பழைய லிஃப்டை எடுத்துவிட்டுப் புதுசு போடப் போகிறோம். செக்ரட்டரி எக்செலில் மார்க் ஷீட் போட்டார்: 10 வருடச் செலவுக்கு 40, லிஃப்ட் இல்லாமல் இருக்கும் நாட்களுக்கு 30, பழுதானால் ஆள் வரும் நேரத்துக்கு 30. மூன்று கொட்டேஷன் இருந்தபோது பி முதலிடம். நாலாவதாக டி வந்ததும் சி முதலிடம் ஆகிவிட்டது, டி ஜெயிக்கவும் இல்லை! பொருளாளர் அதே வெயிட்டேஜை வைத்துத் தனியாகப் போட்டால் ஆரம்பத்திலிருந்தே சி. யாரோ உள்குத்து செய்கிறார்கள் என்று சண்டை. நேர்மையாக எப்படிப் போடுவது?

| கம்பெனி | லிஃப்ட் விலை (லட்சம்) | வருட ஏஎம்சி (ரூ.) | 10 வருடச் செலவு (லட்சம்) | லிஃப்ட் இல்லாத நாட்கள் | ஆள் வரும் நேரம் (மணி) |
|---|---|---|---|---|---|
| ஏ | 14.0 | 78,000 | 21.0 | 75 | 8 |
| பி | 14.8 | 60,000 | 20.2 | 60 | 4 |
| சி | 15.6 | 66,000 | 21.5 | 40 | 3 |
| டி | 12.4 | 54,000 | 17.3 | 75 | 8 |

(முதல் வருடம் சர்வீஸ் இலவசம், மீதி 9 வருட ஏஎம்சி சேர்த்திருக்கிறோம்.)

பதில்:

சண்டையை நிறுத்தச் சொல்லுங்கள், இதில் யாரும் உள்குத்து செய்ததாகத் தெரியவில்லை. உங்கள் எண்களை வைத்து நானும் போட்டுப் பார்த்தேன், இருவருடைய முடிவும் அப்படியே வருகிறது. கோளாறு இருப்பது வெயிட்டேஜுக்கு முந்தின படியில், அதாவது லட்சத்தையும் நாளையும் மணியையும் 100-க்கு இத்தனை என்று மார்க்காக மாற்றுகிற இடத்தில். அந்த இடத்தை யாரும் கவனிப்பதே இல்லை, எல்லாரும் 40-ஆ 35-ஆ என்றுதான் அடித்துக்கொள்வார்கள்.

செக்ரட்டரி செய்திருப்பது இது: ஒவ்வொரு கட்டத்திலும் வந்திருக்கிற கொட்டேஷன்களில் சிறந்ததற்கு 100, மோசமானதற்கு 0, நடுவில் இருப்பவற்றுக்கு விகிதப்படி. பொருளாளர் செய்திருப்பது வேறு: மிகக் குறைந்த எண்ணை அந்தந்தக் கம்பெனியின் எண்ணால் வகுத்து 100-ஆல் பெருக்கியிருக்கிறார். எக்செலில் இப்படி இருக்கும்:

```
=(MAX(B$2:B$5)-B2)/(MAX(B$2:B$5)-MIN(B$2:B$5))*100
=MIN(B$2:B$5)/B2*100
```

டி வருவதற்கு முன்னால் செலவு 20.2 முதல் 21.5 லட்சம் வரைதான், வித்தியாசம் 1.3 லட்சம். செக்ரட்டரியின் முறையில் அந்த 1.3 லட்சத்துக்காக பி-க்கு 100, சி-க்கு 0. வெயிட்டேஜ் 40 என்பதால் இறுதிக் கூட்டலில் முழுசாக 40 மார்க் வித்தியாசம். பொருளாளரின் முறையில் அதே 1.3 லட்சத்துக்கு பி-க்கு 100, சி-க்கு 94, அதில் 40 சதவீதம் எடுத்தால் இறுதிக் கூட்டலில் 2.4 மார்க்தான் வித்தியாசம். இரண்டு ஷீட்டிலும் மேலே 40 என்றுதான் எழுதியிருக்கும், ஆனால் ஒன்றில் பணம் ராஜா, இன்னொன்றில் பணத்துக்குப் பேச்சே இல்லை. செக்ரட்டரிக்கு பி 77, சி 60 என்று வந்ததும், பொருளாளருக்கு பி 82.5, சி 97.6 என்று வந்ததும் இதனால்தான்.

இப்போது டி உள்ளே வருகிறது, 17.3 லட்சத்தில். செக்ரட்டரியின் ஷீட்டில் செலவின் இடைவெளி 1.3 லட்சத்திலிருந்து 4.2 லட்சமாக நீண்டுவிடுகிறது. இதுவரை 100 வாங்கிக்கொண்டிருந்த பி ஒரு ரூபாய்கூட விலை ஏற்றாமல் 31-க்கு இறங்கிவிடுகிறது. சி முன்பும் 0, இப்போதும் 0, இழக்க அதனிடம் எதுவும் இல்லை. நாட்களிலும் நேரத்திலும் டி-யின் எண்கள் ஏ-யின் எண்களேதான், அதனால் அந்த இரண்டு கட்டத்தில் எதுவும் மாறவில்லை. ஆக பி 77-லிருந்து 49-க்கு விழுகிறது, சி 60-லேயே நின்றபடி முதலிடம் பிடிக்கிறது, டி 40 வாங்கி வெளியே. பி-யும் சி-யும் தங்களிடையே அப்படியேதான் இருக்கிறார்கள், சம்பந்தமே இல்லாத மூன்றாவது ஆள் வந்து நின்றதால் அவர்களின் வரிசை புரண்டுவிட்டது.

இது உங்கள் சங்கத்தில் மட்டும் நடக்கிற கூத்து இல்லை. பல விஷயங்களை எடைபோட்டு ஒன்றைத் தேர்வு செய்ய தாமஸ் சாட்டி 1970-களில் உருவாக்கிய ஏஹெச்பி என்ற முறைக்கு உலகம் முழுக்கப் பெரிய பெயர், அதிலும் இதே கோளாறு உண்டு என்று 1983-ல் பெல்டன், கியர் என்ற இருவர் எண்ணோடு காட்டினார்கள். இருக்கிற ஒரு தேர்வின் நகல் மாதிரி இன்னொன்றைச் சேர்த்தாலே முதலிடம் மாறிவிடும் என்று. நடைமுறையில் இதற்கு ஒரு விஷமமான பயனும் இருக்கிறது, பெயருக்கு ஒரு சும்மா கொட்டேஷனை உள்ளே நுழைத்தே முடிவைத் திருப்பிவிடலாம். உங்கள் விஷயத்தில் அப்படி நடந்தது என்று சொல்லவில்லை, ஆனால் ஷீட் அதற்கு இடம் கொடுக்கிறது என்பது நிஜம்.

பொருளாளரின் சூத்திரம் கொஞ்சம் கௌரவமானது, விலையையும் தரத்தையும் சேர்த்துப் பார்க்கும் QCBS டெண்டர்களில் விலைக்கு மார்க் போட இதுதான் பழக்கம். அதிலும் கடைசியில் வருகிற மலிவான கொட்டேஷன் மற்ற எல்லாருடைய விலை மார்க்கையும் இழுத்துவிடும், கொஞ்சம் மெதுவாக இழுக்கும், அவ்வளவுதான். அந்த டெண்டர்களில் இருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது சூத்திரத்தை இல்லை, இரண்டு கவர் பழக்கத்தை. தொழில்நுட்பக் கவரை முதலில் பிரித்து மார்க் போட்டு முடித்தபிறகுதான், அதில் தேறியவர்களின் விலைக் கவரைப் பிரிப்பார்கள். விலை தெரிந்துவிட்டால் மனுஷனுக்கு மற்ற மார்க் தானாக வளையும், அதனால்.

சரி, எப்படிப் போடுவது?

முதல் வேலை, மார்க் போடக் கூடாத விஷயங்களை ஷீட்டிலிருந்து வெளியே எடுப்பது. கூட்டல் கணக்கு எதையும் எதனாலும் ஈடுகட்டும். பாதுகாப்பில் 20 வாங்கிய கம்பெனி விலையில் 100 வாங்கித் தேறிவிடும். அதனால் "இது இல்லாவிட்டால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்" என்பவற்றை வாசலிலேயே கேட்டுவிடுங்கள். உங்களுக்கு அது சிலதான்: தமிழ்நாடு லிஃப்ட் சட்டம் 1997-ன்படி தேவைப்படுகிற மின் ஆய்வுத் துறை அனுமதி, உரிமம் எல்லாவற்றையும் வாங்கிக் கொடுத்தபிறகுதான் வேலை முடிந்ததாகக் கணக்கு, கரண்ட் போனால் பக்கத்து மாடியில் கொண்டுபோய்க் கதவு திறக்கும் ஏஆர்டி, ஏஎம்சி உதிரிபாகம் உட்பட. அதற்கு மேல் அடுக்காதீர்கள். வாசல் கேள்வி பத்து ஆனால், பிடிக்காத கம்பெனியை மார்க் போடாமலேயே வெளியே தள்ள அதுவே வழி.

அடுத்து, ஒரே விஷயத்தை இரண்டு தடவை எண்ணாமல் இருப்பது. லிஃப்ட் விலையையும் ஏஎம்சியையும் சேர்த்து 10 வருடச் செலவு என்று ஒரே எண் ஆக்கியிருக்கிறீர்கள், அது நல்ல காரியம். தனித்தனியாக வைத்திருந்தால் ஏ-க்கு விலைக் கட்டத்தில் நல்ல மார்க் விழுந்திருக்கும், வருடம் 78,000 ஏஎம்சி பக்கத்துக் கட்டத்தில் ஒளிந்துகொண்டிருக்கும். சேர்த்துப் பார்த்ததால்தான் ஏ மூன்று கட்டத்திலும் பி-யைவிட மட்டம் என்பது வெளியே தெரிகிறது: செலவு கூட, நாள் கூட, வருவதும் தாமதம். எந்த வெயிட்டேஜ் போட்டாலும் ஏ-யால் பி-யை முந்த முடியாது, அதை இப்போதே அடித்துவிடலாம். பெரும்பாலான சங்கங்களில் இதற்கு நேர் எதிராக நடக்கும். "பிராண்ட்" 10, "தரம்" 15, "மார்க்கெட்டில் பெயர்" 10 என்று மூன்று வரி போடுவார்கள். மூன்றும் ஒன்றுதான், எல்லாருக்கும் பரிச்சயமான பெயருக்கு மூன்று ஓட்டு. அதிலும் இந்த மாதிரி மனப்பதிவு மார்க்கை யாரும் 6-க்குக் கீழே, 8-க்கு மேலே போடமாட்டார்கள். அதனால் தரத்துக்கு 30 சதவீதம் என்று எழுதியிருந்தாலும் கம்பெனிகளுக்கு நடுவில் அது உண்டாக்கும் வித்தியாசம் 100-க்கு 6 மார்க்தான், பக்கத்தில் விலைக் கட்டம் 0-க்கும் 100-க்கும் நடுவில் ஆடிக்கொண்டிருக்கும். தரம் வேண்டும் என்றால் எண்ணக்கூடிய ஏதாவது ஒன்றாக மாற்றுங்கள், நீங்கள் ஆள் வரும் நேரத்தை எடுத்த மாதிரி.

இனிதான் முக்கியமான படி. மார்க்கின் இரண்டு முனையையும் கொட்டேஷன்களைப் பார்த்து வைக்காதீர்கள், வெளியிலிருந்து வையுங்கள். பக்கத்தில் சமீபத்தில் லிஃப்ட் மாற்றிய இரண்டு மூன்று கட்டடங்களில் விசாரித்தால், இந்த அளவு லிஃப்டுக்கு 10 வருடத்தில் நிஜமாக ஆகக்கூடிய மிகக் குறைந்த செலவு என்ன, இதற்கு மேல் போனால் நாமே வேண்டாம் என்போம் என்ற செலவு என்ன என்பது தெரிந்துவிடும். உதாரணத்துக்கு நான் இப்படி வைக்கிறேன்: செலவில் 16 லட்சம் என்றால் 100, 24 லட்சம் என்றால் 0. நாட்களில் 30 நாள் 100, 90 நாள் 0. நேரத்தில் 2 மணி 100, 12 மணி 0. எக்செலில் செலவுக் கட்டம் இவ்வளவுதான்:

```
=(24-B2)/(24-16)*100
```

இந்தச் சூத்திரத்தில் மற்ற கம்பெனிகளின் எண் எதுவுமே இல்லை, கவனியுங்கள். பி-யின் மார்க் பி-யின் கொட்டேஷனை மட்டும் பொறுத்தது. ஐந்தாவது, ஆறாவது கொட்டேஷன் வந்தாலும் பி-க்கும் சி-க்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் ஒரு புள்ளிகூட நகராது. யாராவது முனைக்கு வெளியே போய்விட்டால், உதாரணமாக 24 மணி நேரத்தில்தான் வருவோம் என்றால், அங்கே மைனஸ் மார்க் வரும். அதை 0 என்று வெட்டி உட்காரவைக்காதீர்கள். நாம் ஏற்றுக்கொள்ளவே மாட்டோம் என்று சொன்ன எல்லையைத் தாண்டிவிட்டது என்றுதான் அதற்கு அர்த்தம், அந்த ஆளை வாசலிலேயே நிறுத்த வேண்டும்.

வெயிட்டேஜ் இதற்கு அப்புறம்தான். முனைகள் தெரியாமல் "செலவு முக்கியமா, சர்வீஸ் முக்கியமா" என்று கூட்டத்தில் கேட்டால் அந்தக் கேள்விக்கு அர்த்தமே இல்லை. எவ்வளவு செலவு, எவ்வளவு சர்வீஸ்? 5,000 ரூபாய் வித்தியாசத்துக்கும் 5 லட்சம் வித்தியாசத்துக்கும் செலவு ஒரே அளவு முக்கியமாக எப்படி இருக்கும்? அதனால் கேள்வியை இப்படிக் கேளுங்கள்: "மூன்றிலும் மோசமான முனையில் நிற்கும் ஒரு லிஃப்ட் நமக்கு வாய்த்திருக்கிறது, 24 லட்சம், 90 நாள், 12 மணி நேரம். ஒரே ஒன்றை மட்டும் நல்ல முனைக்குக் கொண்டுபோகலாம் என்றால் எதை மாற்றுவீர்கள்?" பெரும்பாலும் 24-லிருந்து 16 லட்சம் என்பார்கள், வீட்டுக்கு 25,000 ரூபாய் மிச்சம். அதற்கு 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். "அடுத்து எது? முதலாவதோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு பெறும்?" 12 மணியிலிருந்து 2 மணி, 60 பெறும் என்கிறார்கள் என்று வைப்போம். 90 நாளிலிருந்து 30 நாள், அது 40. மொத்தம் 200, ஆக வெயிட்டேஜ் 50, 30, 20.

இந்த எண்ணை நம்புவதற்கு முன்னால் ரூபாயில் திருப்பிப் பார்க்க வேண்டும். இதைப் பலர் செய்வதே இல்லை, எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்த படியும் இதுதான். 8 லட்சம் 100 பெறும் என்றால், 40 பெறுகிற 60 நாள் என்பது 3.2 லட்சத்துக்குச் சமம். ஒரு நாளைக்கு சுமார் 5,300 ரூபாய், ஒரு வீட்டுக்கு நாளுக்கு 165 ரூபாய் மாதிரி. "லிஃப்ட் ஒரு நாள் சீக்கிரம் வர நீங்கள் 165 ரூபாய் கொடுப்பீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். முதல் மாடிக்காரர் சிரிப்பார். ஐந்தாவது மாடியில் முழங்கால் வலியோடு அம்மாவை வைத்திருப்பவர் 500-கூட கொடுக்கிறேன் என்பார். அந்த வாக்குவாதம்தான் நடக்க வேண்டியது, சதவீதத்தை வைத்துப் பேசினால் அது வெளியே வரவே வராது. நேரத்துக்கும் அதே மாதிரி: 60 என்றால் 10 வருடத்துக்கு 4.8 லட்சம், வீட்டுக்கு மாதம் 125 ரூபாய். யாருக்காவது அது அதிகமாகவோ குறைவாகவோ பட்டால் இங்கேயே திருத்துங்கள்.

வெயிட்டேஜைத் தசமத்துக்குத் திருத்திக்கொண்டு இருக்கவும் வேண்டாம். ராபின் டாஸ் என்ற உளவியலாளர் 1979-லேயே காட்டியிருக்கிறார், சரியான விஷயங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டால் எல்லாவற்றுக்கும் சம வெயிட்டேஜ் போட்டாலும் கணிப்பு வியக்கத்தக்க அளவுக்கு நன்றாகவே வரும் என்று. 32-ஆ 30-ஆ என்பதில் ஒரு மணி நேரம் போக்குவது வீண், முனைகள் சரியாக இருக்கிறதா என்பதில் போக்குங்கள்.

மேலே சொன்னபடி போட்டால் உங்கள் நான்கு கொட்டேஷனுக்கும் வருவது இது:

| கம்பெனி | செலவு (50%) | நேரம் (30%) | நாட்கள் (20%) | மொத்தம் |
|---|---|---|---|---|
| ஏ | 37.5 | 40 | 25 | 35.8 |
| பி | 47.5 | 80 | 50 | 57.8 |
| சி | 31.3 | 90 | 83.3 | 59.3 |
| டி | 83.8 | 40 | 25 | 58.9 |

"சி ஜெயித்துவிட்டது" என்று கையெழுத்துப் போட்டால் இவ்வளவு நேரம் செய்ததெல்லாம் பாழ். செலவின் 8 லட்சத்துக்கு 50 மார்க் என்பதால் ஒரு மார்க்கின் மதிப்பு 16,000 ரூபாய். சி-க்கும் டி-க்கும் இடையே இருப்பது 0.4 மார்க், அதாவது 10 வருடத்துக்குச் சேர்த்து ஆறாயிரத்துச் சொச்சம் ரூபாய், வீட்டுக்கு 200 ரூபாய். பி-யும் அப்படியொன்றும் தூரத்தில் இல்லை. இது முதலிடம், மூன்றாமிடம் இல்லை, மூன்றும் சமம். ஏ மட்டும் நிச்சயமாகக் கிடையாது, அது முன்பே தெரியும்.

சமமாக வரும்போது இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, வெயிட்டேஜைக் கொஞ்சம் ஆட்டினால் என்ன ஆகிறது. செலவுக்கு 50-க்குப் பதில் 40 போட்டு மீதியை 36, 24 என்று அதே விகிதத்தில் பிரித்தால் சி 65, பி 60, டி 54. செலவுக்கு 60, மீதி 24, 16 என்றால் டி 64, பி 56, சி 54. ஆக உங்கள் கட்டடத்தில் நடக்கிற நிஜமான சண்டை ஒரே கேள்வி: பணம் பாதிக்கு மேலா, கீழா? மேலே என்பவர்களுக்கு டி, கீழே என்பவர்களுக்கு சி. அப்புறம் பி-யைப் பாருங்கள், செக்ரட்டரியின் ஷீட்டில் 77 வாங்கிப் பெரிய ராஜாவாக இருந்த பி, இந்த மூன்றில் ஒரு முறைகூட முதலிடம் வரவில்லை. அதற்காகத் தூக்கி எறியவும் வேண்டாம், எந்தப் பக்கம் ஆட்டினாலும் அது 55-க்குக் கீழே போகவும் இல்லை. இரண்டு கட்சியும் ஒத்துவராத கூட்டத்தில் அதற்கும் ஒரு மரியாதை உண்டு.

பேரம் பேசவும் இது உதவும். பி-யிடம் போய் "60 நாளை 50 ஆக்க முடியுமா?" என்று கேளுங்கள், ஆக்கினால் 3.3 மார்க் கூடி 61-க்கு வந்துவிடும். இல்லை 50,000 குறைத்தாலும் கிட்டத்தட்ட அதே 3 மார்க்தான். எதைக் கேட்டால் நமக்கு என்ன லாபம் என்பது முன்கூட்டியே தெரிந்துகொண்டு பேசுவது வேறு, "கொஞ்சம் பார்த்துப் போடுங்க சார்" என்பது வேறு. சி-யிடமும் அதே வாய்ப்பைக் கொடுங்கள், ஒருவரிடம் மட்டும் பேசினால் மறுபடியும் உள்குத்துப் பேச்சு வரும்.

இரண்டாவது, ஷீட்டுக்குள் போன எண்களே உண்மையா என்பது. இங்கே எனக்கு டி மேல்தான் சந்தேகம். மற்றவர்களைவிட மூன்று நான்கு லட்சம் குறைவாக ஒருவர் கொடுத்தால் அவர் மலிவாகச் செய்கிறார் என்பதைவிட, எதையோ சேர்க்கவில்லை என்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். ஜிஎஸ்டியைப் பாருங்கள். லிஃப்டுக்கும் ஏஎம்சிக்கும் 18 சதவீதம். மற்ற மூன்றும் வரி சேர்த்து, டி மட்டும் "வரி தனி" என்று கொட்டேஷனின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டிருந்தால், டி-யின் 17.3 லட்சம் 20.4 லட்சம் ஆகிவிடும், மொத்த மார்க் 59-லிருந்து 40-க்கு இறங்கிவிடும், பிறகு பேச்சே இல்லை. பழைய லிஃப்டைப் பிரித்து எடுப்பது, அந்த இரும்பின் விலையைக் கழிப்பது, சாரம் கட்டுவது, பிட்டில் கொத்தனார் வேலை, இதெல்லாம் யார் கணக்கு என்பதும் கொட்டேஷனுக்குக் கொட்டேஷன் மாறும்.

ஏஎம்சி 54,000 உதிரிபாகம் சேர்த்தா, வெறும் சர்வீஸுக்கா என்பதும் அப்படித்தான். கன்ட்ரோல் பேனலில் ஒரு போர்டு போனால் யார் காசு என்று நேராகக் கேளுங்கள், சேல்ஸ் ஆள் தயங்குவதிலேயே பதில் தெரிந்துவிடும்.

"8 மணி நேரத்தில் வருவோம்" என்பதும் வாய்வார்த்தைதான். ஆள் உள்ளே மாட்டிக்கொண்டால் வரும் நேரத்தையும், சும்மா லிஃப்ட் நின்றுவிட்டால் வரும் நேரத்தையும் பிரித்துக் கேளுங்கள், நிறைய பேர் முதலாவதைச் சொல்லிவிட்டு இரண்டாவதில் மறுநாள் வருவார்கள். உங்கள் ஏரியாவில் டி போட்ட லிஃப்ட் இருக்கிற ஒரு கட்டடத்துக்குப் போய் வாட்ச்மேனிடமும் அங்குள்ள செக்ரட்டரியிடமும் பேசிவிட்டு, சர்வீஸ் ரெஜிஸ்டர் வைத்திருந்தால் புகார் சொன்ன நேரத்தையும் மெக்கானிக் கையெழுத்துப் போட்ட நேரத்தையும் பாருங்கள். நிஜத்தில் 12 மணி ஆகிறது என்றால் டி-க்கு 12 மார்க் போய்விடும், 47-ல் நிற்கும். அதே விசாரணையை பி-க்கும் சி-க்கும் செய்யுங்கள், அவர்களின் 4-ம் 3-ம் காகிதத்தில்தான் இருக்கின்றன.

நாட்களிலும் ஒரு இடம் இருக்கிறது. ஆர்டர் கொடுத்ததிலிருந்து எத்தனை நாள் என்பது உங்களுக்கு வேண்டாம், பழைய லிஃப்டை நிறுத்தியதிலிருந்து புது லிஃப்டை ஒப்படைக்கும் வரை எத்தனை நாள் என்பதுதான் வேண்டும். சாமான் எல்லாம் சைட்டுக்கு வந்து இறங்கியபிறகுதான் பழையதில் கை வைக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டு, அதன்படி எண்ணைக் கேட்டால் ஏ, டி இரண்டின் 75-ம் குறையலாம்.

முனைகளையும் வெயிட்டேஜையும் வாசல் கேள்விகளையும் மினிட்ஸ் புத்தகத்தில் எழுதிக் கமிட்டி கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் ஷீட்டைத் திறக்க வேண்டும் என்பது விதி. உங்களுக்கு ஏற்கெனவே நான்கு கொட்டேஷனும் கண்ணில் பட்டுவிட்டது, இனி எந்த வெயிட்டேஜ் சொன்னாலும் "இவர் சி-க்காகச் சொல்கிறார்" என்று ஒருவர் சொல்வார். அதனால் கமிட்டியில் இல்லாத, கொட்டேஷன் பார்க்காத நாலைந்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, கம்பெனிப் பெயர், எண் எதுவும் சொல்லாமல் மேலே சொன்ன "எதை மாற்றுவீர்கள்" கேள்வியைத் தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். எல்லா மாடியிலிருந்தும் ஆள் இருக்கட்டும். அவர்களின் பதில் ஒன்றுக்கொன்று ரொம்ப விலகியிருந்தால் சராசரி எடுத்து மூடிவிடாதீர்கள், ஒவ்வொருவர் வெயிட்டேஜிலும் யார் முதலிடம் என்று தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒரே கம்பெனி வந்தால் சண்டை அங்கேயே முடிந்தது.

அதற்கெல்லாம் முன்னால் இன்று மாலையே டி-க்கு போன் போட்டு ஜிஎஸ்டி, உதிரிபாகம், பழைய லிஃப்ட் பிரிப்பு, இந்த மூன்றையும் கேட்டு மெயிலில் எழுதி வாங்குங்கள். பாதிக் கணக்கு அதிலேயே தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன்.